எடை மாறிக் காட்டும் கடைத் தராசு: சீலைத் தொடுவதற்கு முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

எலக்ட்ரானிக் தராசு தப்பாகக் காட்டுகிறது என்றதும் கடைக்காரர் கேட்பது "ஒரு காலிபரேஷன் போட்டு விடுங்க" என்பதுதான். வேலைக்குப் புதிதாக வரும் பையன்களும் அதையேதான் முதலில் செய்யப் பார்க்கிறார்கள். எடை தெரிந்த கல்லை வைத்து, தராசு காட்டும் எண்ணை அதற்கு ஒத்து வரச் செய்வதுதான் காலிபரேஷன். அது கடைசி வேலை. தட்டு எங்கோ இடிக்கிறது, கால் ஆடுகிறது, சார்ஜரில் கசிவு இருக்கிறது என்றால், அதன் மேலேயே காலிபரேஷன் போடும்போது கோளாறு போவதில்லை. ஒரே ஒரு எடையில் மட்டும் மறைந்துகொண்டு, மற்ற எடைகளில் புதிதாகத் தப்பு வரும்.

கீழே உள்ளது பெரும்பாலான மளிகை, காய்கறிக் கடைகளில் இருக்கும் மேசைத் தராசுக்கான வரிசை: அதிகபட்சம் 30 கிலோ, 5 கிராம் படியாக ஏறுவது. உங்கள் தராசு வேறு அளவு என்றால் எண்கள் மாறும், வரிசை மாறாது. முதல் எட்டுப் படிகளைக் கடைக்காரரே செய்யலாம். அவற்றில் எதற்கும் தராசின் முத்திரைச் சீலை உடைக்க வேண்டியதில்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எடைக்கற்கள்தான் முக்கியம். 1, 2, 5 கிலோ ஒவ்வொன்றும், 10 கிலோ இரண்டும் இருந்தால் போதும். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் M1 வகைக் கல்லில் 5 கிலோவுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை கால் கிராம்தான். தராசில் நாம் தேடும் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கல்லிலேயே பிழை இருக்கக் கூடாது என்பது பொது விதி. இந்தக் கற்கள் அதைத் தாராளமாகத் தாண்டிவிடும்.

கடையில் பழைய இரும்புக் கல் இருந்தால் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு குழி, அதில் ஈயம் அடைத்திருக்கும், ஈயத்தின் மேல் முத்திரை குத்தியிருக்கும். கல்லின் எடையைச் சரிசெய்ததே அந்த ஈயத்தை வைத்துத்தான். ஈயம் விழுந்து வெறும் குழியாக இருக்கும் கல், பொட்டுப் பொட்டாகத் துரு உதிரும் கல், மேலே பெயிண்ட் பூசிய கல் எதுவும் சோதனைக்கு ஆகாது.

ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்துச் சோதிப்பவர்கள் நிறைய பேர். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது உள்ளே இருக்கும் உப்பின் எடை. கவரின் எடை அதோடு சேரும், நிரப்பும்போதே ஏற்ற இறக்கமும் இருக்கும். தராசு திடீரென்று அரைக் கிலோ தள்ளிப் போய்விட்டதா என்று பார்க்க வேண்டுமானால் உதவும், 10 கிராம் பிழையைப் பிடிக்க உதவாது.

இவை தவிர ஒரு சின்ன பெயிண்ட் பிரஷ், டார்ச், நோட்டு. தராசைத் தொடுவதற்கு முன் அதன் பெயர்ப் பலகையில் உள்ள Max, Min, e மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். Max அதிகபட்ச எடை, Min குறைந்தபட்ச எடை, e ஒரு படியின் அளவு. சீல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். பிறகு "நீங்க வந்த பிறகுதான் சீல் போச்சு" என்ற பேச்சு வராது.

2. எவ்வளவு தள்ளினால் பிழை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் தொடங்கினால் இல்லாத கோளாறைத் துரத்திக்கொண்டிருப்போம். e = 5 g என்ற இந்த வகைத் தராசுக்கு முத்திரையிடும் நேரத்தில் 2.5 கிலோ வரை இரண்டரை கிராம், 10 கிலோ வரை 5 கிராம், அதற்கு மேல் 30 கிலோ வரை ஏழரை கிராம் கூடவோ குறையவோ இருக்கலாம். கடையில் புழக்கத்தில் இருக்கும்போது அதில் இரு மடங்கு. அதாவது 10 கிலோ கல்லை வைத்து 9.990 காட்டினால் அது விளிம்பில் நிற்கிறது, இன்னும் தாண்டவில்லை.

Min 100 g என்று போட்டிருப்பதையும் கவனியுங்கள். இந்தத் தராசில் 20 கிராம் ஏலக்காய் நிறுத்துவிட்டு, பக்கத்துக் கடைத் தராசோடு ஒத்துப் போகவில்லை என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. அந்த வியாபாரத்துக்கு நுணுக்கமான வேறு தராசு வேண்டும்.

3. தராசு நிற்கும் இடம்

தராசைப் பார்ப்பதற்கு முன் அது எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு பெட்டிகளின் மேல் பலகை போட்டு அதில் தராசு வைத்திருந்தால், எடை ஏறும்போது பலகை வளையும், தராசும் சாயும். ஐஸ் பெட்டியின் மூடி மேல் வைத்திருந்தால் கம்ப்ரஸர் ஓடும்போதெல்லாம் எண் நடுங்கும். தலைக்கு மேல் மின்விசிறி இருந்தால் அகலமான தட்டில் காற்று அழுத்தி 5, 10 கிராம் ஆடும். ஒரு நிமிடம் விசிறியை அணைத்தாலே தெரிந்துவிடும்.

அடுத்தது கரண்ட். அடாப்டரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு அடாப்டரிலோ கடையின் எர்த்திலோ இருக்கிறது. மாறாக, பேட்டரியில் ஓடும்போது மட்டும் எடை மெல்ல நழுவுகிறது என்றால் பேட்டரி தளர்ந்துவிட்டது. சில கடைகளில் 6 வோல்ட் பேட்டரியை வருடக்கணக்கில் மாற்றாமல், "மதியத்துக்கு மேல தராசு சரியில்ல" என்பார்கள். மதியத்தில் வேறொன்றுமில்லை, சார்ஜ் இறங்கும் நேரம் அது.

சோதிப்பதற்கு முன் தராசைப் போட்டுப் பதினைந்து நிமிடம் சும்மா விடுங்கள். போட்டவுடன் எடுக்கும் அளவுகளை நம்ப முடியாது. வெயில் நேராக விழும் இடமானால் அதை மறைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

4. மட்டம் பிடிப்பது

தராசில் இருக்கும் மட்டக் குமிழியைப் பாருங்கள். குமிழி எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் உயரம். அங்கே காலை உள்ளே திருகுங்கள், அல்லது எதிர்ப்பக்கக் காலை வெளியே எடுங்கள். ஒரு பக்கத்தின் இரண்டு கால்களையும் சேர்த்தே திருக வேண்டும். ஒரே ஒரு காலை மட்டும் திருகித் திருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் வழக்கமான தப்பு. குமிழி நடுவில் இருக்கும், ஆனால் ஒரு கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் இருக்கும். அதனால் மட்டம் பிடித்தபின் எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்துங்கள். துளி ஆடினாலும் எந்தக் கால் தொடவில்லையோ அதை இறக்குங்கள். பிறகு பூட்டு நட்டு இருந்தால் இறுக்குங்கள்.

அப்புறம் 20 கிலோவை ஏற்றிவிட்டு மறுபடி குமிழியைப் பாருங்கள். வெறும் தட்டில் நடுவில் இருந்த குமிழி இப்போது நகர்ந்தால் மேசை வளைகிறது என்று பொருள். மேசையைச் சரிசெய்யாமல் மேலே போக வேண்டாம்.

மட்டம் ஏன் எடையை மாற்றுகிறது என்றால், உள்ளே எடையை உணரும் பாகமான லோடு செல் தனக்கு நேராக இறங்கும் பாரத்தை மட்டும் அளக்கிறது. சாய்ந்தால் பாரத்தின் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடும். ஆனால் அந்தப் பகுதி சிறியது. இரண்டு டிகிரி சாய்ந்தால், அதாவது கால்களுக்கு இடையே 25 சென்டிமீட்டர் இருக்கும் தராசில் ஒரு பக்கம் 9 மில்லிமீட்டர் தூக்கியிருந்தால், 10 கிலோவுக்கு 6 கிராம் குறையும். எனவே 10 கிலோவில் 50 கிராம் தள்ளும் தராசுக்கு "மட்டம் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போவது சும்மா சமாளிப்பு. மட்டத்தைப் பிடியுங்கள், ஆனால் கோளாறை வேறெங்காவது தேடுங்கள்.

மட்டம் மாறினால் ஜீரோவும் நகரும். ஆகவே தட்டு காலியாக இருக்கும்போது தராசை அணைத்து மறுபடி போடுங்கள்.

5. தட்டைத் தூக்கிப் பார்ப்பது

ஸ்டீல் தட்டைத் தூக்கினால் அதைத் தாங்கும் சட்டம் தெரியும். சட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் கீழே சின்னச் சின்ன ஸ்டாப்பர்கள் இருக்கும். யாராவது மூட்டையைத் தொப்பென்று போட்டால் லோடு செல் வளைந்துவிடாமல் காப்பது இவைதான். சாதாரண எடையில் சட்டம் அவற்றைத் தொடவே கூடாது. இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கும், ஒரு கடுகு போய் உட்கார அது போதும்.

பிரஷால் சுத்தமாகத் தட்டுங்கள். பருப்பு, மல்லி, சர்க்கரை, எறும்பு, கரப்பான் எல்லாம் வரும். தண்ணீர் தெளித்துத் துடைக்க வேண்டாம். பிறகு ஒரு விசிட்டிங் கார்டை ஒவ்வொரு ஸ்டாப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகிப் பாருங்கள். தடையில்லாமல் போய் வர வேண்டும். தட்டைத் திரும்ப வைக்கும்போது அதன் ஓரம் உடம்பில் எங்கும் உரசவில்லையா, தராசின் மேல் போர்த்தும் பிளாஸ்டிக் உறை தட்டை இழுத்துப் பிடிக்கவில்லையா என்றும் பாருங்கள். உறை இழுப்பதால் வரும் பிழைக்கு லோடு செல் மாற்றியவர்கள்கூட உண்டு.

6. ஜீரோ உண்மையிலேயே நிற்கிறதா?

தட்டு காலியாக இருக்கும்போது 0.000 அசையாமல் நிற்கிறது, அதனால் ஜீரோ நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஜீரோவுக்குப் பக்கத்தில் மெதுவாக நடக்கும் மாற்றத்தைத் தராசு தானே விழுங்கிவிடும். அதற்காகவே உள்ளே ஏற்பாடு இருக்கிறது. ஆகவே உள்ளே நழுவிக்கொண்டே இருந்தாலும் திரை 0.000 என்றே சொல்லும்.

இதைப் பிடிக்க வழி எளிது. 1 கிலோ கல்லை வைத்துவிட்டு அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். எடை இருக்கும்போது அந்த விழுங்கல் வேலை செய்யாது. 1.000 மெல்ல 1.005, 1.010 என்று போனால் நழுவுகிறது. அப்போது கல்லை எடுத்ததும் ஜீரோவுக்குப் பதில் 0.010 நிற்பதையும் சில நேரம் பார்க்கலாம்.

7. நான்கு மூலைச் சோதனை

10 கிலோ கல்லைத் தட்டின் நான்கு கால்வாசிப் பகுதிகளிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். அதிகபட்ச எடையில் மூன்றில் ஒரு பங்கு என்பதால் 30 கிலோ தராசுக்கு 10. ஓரத்தின் நுனியில் வைக்க வேண்டாம், ஒவ்வொரு கால்வாசியின் நடுவில் வையுங்கள். நான்கு எண்களையும் எந்த மூலை என்று குறித்து எழுதுங்கள்.

நான்கும் ஒன்றுக்கொன்று 5 கிராமுக்குள் இருந்தால் நல்லது. ஒரு மூலை மட்டும் குறைந்தால் அங்கே ஸ்டாப்பர் தொடுகிறது அல்லது ஏதோ சிக்கியிருக்கிறது. ஒரு பக்கம் கூடி, எதிர்ப்பக்கம் அதே அளவு குறைந்தால் லோடு செல்லைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கலாம், அல்லது செல்லே முறுக்கிப் போயிருக்கலாம்.

இதை நடு எடைச் சோதனைக்கு முன்னால் செய்வதற்குக் காரணம் உண்டு. மூலை தப்பாக இருக்கும் தராசில், நடுவில் வைத்த கல்லின் அளவும் கல்லை எங்கே வைத்தோம் என்பதைப் பொறுத்து மாறும். பிறகு எந்த எண்ணையும் நம்ப முடியாது.

8. ஏற்றி இறக்குவது

தட்டின் நடுவில் 1, 2, 5, 10, 20 என்று ஏற்றுங்கள், பிறகு 20-லிருந்து அதே படிகளில் இறக்குங்கள். இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். இடையில் ஜீரோ பட்டனை அழுத்தக் கூடாது, அழுத்தினால் இறங்கும் வழியில் தெரிய வேண்டிய பிழை அழிந்துவிடும்.

எண்களைப் பார்த்ததுமே கோளாறின் குணம் தெரியும். பிழை எடையோடு ஒரே விகிதத்தில் வளர்ந்தால், 5 கிலோவில் 10 கிராம், 10 கிலோவில் 20, 20 கிலோவில் 40 என்று போனால், அது காலிபரேஷன் பிழை. சின்ன எடையில் சரியாக இருந்து, ஒரு கட்டத்துக்கு மேல் திடீரென்று குறைந்தால் எங்கோ இடிக்கிறது. ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது வேறொன்றும் காட்டினால் உரசல் அல்லது லோடு செல்லின் தளர்ச்சி. இந்த மூன்றில் முதல் வகைக்கு மட்டும்தான் காலிபரேஷன் மருந்து.

9. ஒரு மளிகைக் கடைத் தராசு

வாடிக்கையாளர் ஒருவர் 5 கிலோ அரிசி வாங்கிப் போய் வேறு தராசில் நிறுத்து, 20 கிராம் குறைகிறது என்று திரும்பி வந்தார். கடைக்காரர் தன் தராசில் மறுபடி வைத்தால் 5.000 சரியாக இருந்தது. கல்லை வைத்ததும் விஷயம் புரிந்தது. 5 கிலோ கல் 5.020, 10 கிலோ 10.030, ஆனால் 20 கிலோ மட்டும் கணக்காக 20.000.

20 கிலோவில் துல்லியமாக இருப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது. மூலைச் சோதனையில் பின் இடது 10.040, பின் வலது 10.035, முன் இடது 10.035, முன் வலது 9.970.

"அண்ணாச்சி, இத யாராவது சமீபத்துல செட் பண்ணாங்களா?"

"போன மாசம் ஒருத்தர் வந்தாருப்பா. மூட்டை எடையில கொறையுதுன்னு சொன்னேன். 20 கிலோ கல்ல வச்சு சரி பண்ணிட்டுப் போனாரு."

முன் வலது ஸ்டாப்பருக்கு மேல் எண்ணெயில் ஊறிய கொத்தமல்லி விதை ஒன்று, நசுங்கிக் கல் மாதிரி ஒட்டியிருந்தது. 20 கிலோ ஏறும்போது சட்டம் அதில் உட்கார்ந்துவிடும். அந்த மனிதர் வந்தபோது 20 கிலோ கல் 19.920 காட்டியிருக்க வேண்டும். அவர் தடையை எடுக்காமல் அந்த 19.920-ஐ 20.000 ஆக்கிவிட்டார். அதனால் இடிக்காத சின்ன எடைகள் எல்லாம் ஆயிரத்துக்கு நான்கு வீதம் கூடின. 5 கிலோவில் அதுவே 20 கிராம்.

விதையைச் சுரண்டி எடுத்ததும் நான்கு மூலைகளும் 10.035-க்கும் 10.040-க்கும் நடுவில் வந்தன. நடுவில் 5 கிலோ 5.020, 10 கிலோ 10.040, 20 கிலோ 20.080. இப்போது பிழை ஒரே விகிதத்தில் இருக்கிறது, அதாவது இடிப்பு போய்விட்டது, பழைய காலிபரேஷன் மட்டும் தப்பாக மிஞ்சியிருக்கிறது. இந்த நிலைக்கு வந்த பிறகுதான் காலிபரேஷன் போடலாம். அதுவரை அந்தத் தராசில் வியாபாரம் செய்ய முடியாது, ஏனென்றால் விதையை எடுத்ததும் பெரிய எடைகளிலும் வாடிக்கையாளருக்குக் குறையும்.

10. லோடு செல் போய்விட்டதா?

இதற்கு மேல் உரிமம் பெற்ற மெக்கானிக்கின் வேலை, ஏனென்றால் உள்ளே போகச் சீலை உடைக்க வேண்டும். ஆனாலும் கடைக்காரருக்கும் இது தெரிந்திருந்தால் தேவையில்லாமல் செல் மாற்றுவதைத் தடுக்கலாம்.

செல் என்பது நடுவில் துளை குடைந்த ஓர் அலுமினியக் கட்டை. அதில் நான்கு மெல்லிய கேஜ்களைப் பசையால் ஒட்டி, மேலே ரப்பர் மாதிரிப் பூச்சு போட்டிருப்பார்கள். கட்டை வளைவதை அவை மின்சாரமாகச் சொல்கின்றன. 5 வோல்ட் கொடுத்தால், 40 கிலோ செல் முழு எடையில் தருவது ஏறக்குறைய 10 மில்லிவோல்ட்தான். கணக்குப் போட்டால் 5 கிராமுக்கு ஒன்றேகால் மைக்ரோவோல்ட். இவ்வளவு சின்ன அளவில் வேலை நடப்பதால் பூச்சுக்குள் ஈரம் கசிந்தாலே எடை நழுவத் தொடங்கும். மீன் கடைத் தராசுகளில் இது சகஜம். பூச்சின் ஓரம் தூக்கிக்கொண்டு, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அந்தச் செல்லைக் காயவைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

பசை தளர்ந்த செல்லை இப்படிக் கண்டுபிடிக்கலாம்: 20 கிலோவை வைத்து உடனே எண்ணை எழுதி, அரை மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். நல்ல தராசு அரைப் படி, அதாவது இரண்டரை கிராமுக்கு மேல் நகரக் கூடாது. திரையில் ஒரு படி மாறினால் பொறுக்கலாம். மூன்று நான்கு படிகள் ஒரே திசையில் ஊர்ந்தால் செல் களைத்துவிட்டது.

மூட்டை விழுந்து வளைந்த செல் வேறு மாதிரி. எடை வித்தியாசம் சரியாகக்கூடக் காட்டும், ஆனால் தராசைப் போடும்போது ஜீரோ வராமல் பிழைச் செய்தி வரும், அல்லது மூலைகள் ஒத்து வராது. மெக்கானிக் நான்கு வயர்களையும் கழற்றி மல்டிமீட்டரில் பார்ப்பார். பெரும்பாலான செல்களில் மின்சாரம் போகும் ஜோடிக்கு நடுவே 400 ஓம் அளவும், சிக்னல் ஜோடிக்கு நடுவே 350 ஓம் அளவும் இருக்கும். எந்த வயருக்கும் கட்டைக்கும் இடையே தொடர்பே இருக்கக் கூடாது. பிறகு கரண்ட் கொடுத்து, காலித் தட்டில் சிக்னலை அளக்க வேண்டும். முழு எடைக்கே 10 மில்லிவோல்ட் என்றிருக்கும்போது, காலியாகவே 3, 4 மில்லிவோல்ட் வந்தால் கட்டை வளைந்துவிட்டது. வயர் நிறங்களை மனப்பாடமாக நம்ப வேண்டாம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், செல்லின் மேல் ஒட்டிய தாளைப் பாருங்கள்.

மாற்றும்போது அதே கொள்ளளவு, அதே நீளம், அதே திருகு இடைவெளி வேண்டும். 30 கிலோ தராசில் 100 கிலோ செல்லைப் போட்டால் "இனி உடையாது" என்பது உண்மைதான், ஆனால் 5 கிராமுக்குக் கிடைக்கும் சிக்னலும் பாதிக்குக் கீழே போய், எண் நிற்காமல் ஆடும்.

11. காலிபரேஷன், முத்திரை

காலிபரேஷனைத் தராசு வேலை செய்யும் இடத்திலேயே போடுவது நல்லது. மேட்டுப்பாளையத்தில் சரிசெய்த தராசை ஊட்டிக்கு ஏற்றினால், உயரத்தில் புவியீர்ப்பு குறைவதாலேயே 10 கிலோவுக்கு ஏறக்குறைய 5 கிராம் குறைவாகக் காட்டும். சமவெளிக்குள் ஊர் விட்டு ஊர் போனால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கல் குறைந்தது 20 கிலோவாவது இருக்க வேண்டும். 2 கிலோ கல்லை வைத்துப் போட்டால், அதில் திரைக்குத் தெரியாத இரண்டு கிராம் தப்பு 20 கிலோவில் இருபது கிராமாக வளரும். போட்டு முடித்ததும் 7, 8 படிகளை முழுதாக மறுபடி செய்யுங்கள். காலிபரேஷன் போட்ட அதே கல்லை மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், அண்ணாச்சி கடையில் நடந்ததுதான் திரும்ப நடக்கும்.

சீலை உடைத்த தராசை, காலிபரேஷன் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும், மறுமுத்திரை இல்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி பழுது பார்ப்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும், பழுது பார்த்த தராசை மறுபடி சரிபார்த்து முத்திரையிட வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. பழுது இல்லாவிட்டாலும் எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை உண்டு, இரும்புக் கல்லுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. மெக்கானிக்கை வரச் சொல்லும்போதே உரிம எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். முத்திரைக்கு அவரே எடுத்துப் போவாரா, எத்தனை நாள் ஆகும், அதுவரை மாற்றுத் தராசு தருவாரா என்பதையும் வேலை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள்.